தாம்பாளத்தில் வைத்தது

தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு சவரியார் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மேலே ஒரு வெள்ளைத் துண்டு. கரி வாயுவில் ஓடும் பஸ் ஒவ்வொரு மேட்டிலும் மூச்சு வாங்கி நின்றது. நிற்கும்போதெல்லாம் அவர் இரண்டு கைகளாலும் தாம்பாளத்தை அணைத்துக்கொண்டார். துண்டுக்கு அடியில் ஒரு சீப்பு பூவன் பழம், கற்கண்டுப் பொட்டலம், வெற்றிலை பாக்கு. எல்லாவற்றுக்கும் மேலே அவருடைய மகள் விண்ணரசியின் டிரெயினிங் சர்டிபிகேட்.

விடியற்காலையில் வீட்டில் வைத்தே அவள் கேட்டிருந்தாள்.

"என்னப்பா இது, நிச்சயதார்த்தமா?"

"பெரியவங்க முன்னாடி வெறுங்கையோட போயி நிக்கிறதா? அவரு கூப்பிட்டு வுட்டிருக்காரு. மரியாதை வேணாமா?"

"பழத்தை வைங்க. சர்டிபிகேட்ட எதுக்கு அதுல வைக்கிறீங்க? நான் பையில வச்சிக்கிறேன்."

"பையில வச்சா கசங்கிடும் பாப்பா. அதுவுந்தான் பூசையில வச்சு எடுத்தது" என்று சொல்லி, மாதா சுரூபத்தின் முன்னால் இருந்த காகிதத்தை நெற்றியில் ஒற்றி, பழத்தின் மேல் வைத்து மூடிவிட்டார்.

அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது. அப்பா கோயிலில் உபதேசியார். பங்குச்சாமியார் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் செபம் சொல்லுகிறவர்; சாகக் கிடக்கிறவர்களின் காதில் கடைசி வார்த்தைகளைச் சொல்லுகிறவர். பெரியவர்கள் முன்னால் எப்படி நிற்பது என்பது அவருக்குத் தெரியும். அது மட்டும்தான் தெரியும் என்று சில சமயம் விண்ணரசிக்குத் தோன்றும். அப்படித் தோன்றியவுடன் தன்மேலேயே ஒரு கசப்பு வரும்.

அரியலூரில் இறங்கி வேறு பஸ் பிடித்தார்கள். இருபுறமும் கறுப்பு மண் வெடித்துக் கிடந்தது. ஒரு மழை விழுந்திருக்கவேண்டும், விழவில்லை. யுத்தம் முடிந்து ஒரு வருஷம் ஆகியும் ரேஷன் அரிசிதான். அதுவும் புழுத்த அரிசி.

அவள் மனதுக்குள் ஒரு தொகையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். முப்பது. முப்பது ரூபாய். முப்பது கொடுத்தால் வருகிறேன். சொல்லச் சொல்ல அந்தச் சொல்லுக்கு அர்த்தம் போய், வெறும் சத்தமாகிவிட்டது.

திருச்சியில் கன்னியர் நடத்தும் டிரெயினிங் பள்ளியின் விடுதியில் விளக்கணைத்த பிறகு பெண்கள் பேசிக்கொள்வார்கள். பாடத்தில் இல்லாததெல்லாம் அந்த இருட்டில்தான் அவளுக்குத் தெரிய வந்தது. தனியார் பள்ளி மேனேஜருக்கு சர்க்கார் கிராண்ட் என்று மானியம் கொடுக்கிறது. டிரெயினிங் முடித்த டீச்சருக்கு ஒரு கணக்கு, முடிக்காதவளுக்கு ஒரு கணக்கு. கையெழுத்துப் போடுவது ஒரு தொகைக்கு, கைக்கு வருவது ஒரு தொகை. 'எவ்வளவு வேணும்னு கேட்டா நீயா முதல்ல சொல்லாத. வேற எடத்துல கூப்பிட்டிருக்காங்கன்னு சொல்லு' என்று ஒருத்தி சொல்லுவாள். மற்றவர்கள் தலையணையில் வாயைப் புதைத்துச் சிரிப்பார்கள்.

வேறு இடத்தில் யாரும் கூப்பிடவில்லை. எழுதிப்போட்ட இடங்களில் பாதிப் பேர் பதிலே போடவில்லை. மற்றவர்கள் இடமில்லை என்றார்கள். கன்னியர் பள்ளிகளில் வரிசையாகக் காத்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஜூனில் சேராவிட்டால் அடுத்த ஜூன் வரைக்கும் வீட்டில்தான். உபதேசியார் வேலைக்குப் பங்கிலிருந்து வருவது நெல். நெல்லை அவித்துக் குத்துவதற்குள் தீர்ந்துபோகிற அளவு. தம்பிக்கும் வேலை இல்லை. அம்மா எதுவும் கேட்பதில்லை. பானையை வழிக்கிற சத்தம் மட்டும் சற்று நீளமாகக் கேட்கும்.

பெரம்பலூர்ப் பள்ளி மேனேஜர் தாமாகவே ஆள் அனுப்பியது அதனால்தான் வீட்டில் அற்புதம்போல இருந்தது. அவளுக்கு அது அற்புதமாக இருக்கவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லவும் தெரியவில்லை.

*

மேனேஜர் வேணுகோபாலின் வீடு கடலை மில்லுக்குப் பின்னால் இருந்தது. மில்லில் அரவை நின்றிருந்தது. எண்ணெய்ச் சிக்கு வாசம் மட்டும் சுவர்களில் ஊறியிருந்தது. ஆபீஸ் அறையில் ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் அவர், அவருக்குப் பின்னால் ஆள் உயர இரும்புப் பெட்டி. பெட்டியின் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது.

அவர் எழுந்து நின்று வரவேற்றார். அப்பா அதை எதிர்பார்க்கவில்லை. குனிந்து, துண்டை எடுத்துவிட்டு, தாம்பாளத்தை இரண்டு கைகளாலும் நீட்டினார்.

"எதுக்கு உபதேசியாரே இதெல்லாம்?" என்று சொல்லிக்கொண்டே அவர் வாங்கினார். வாங்கி மேஜையில் வைத்தார். வைத்தவர் சர்டிபிகேட்டை எடுத்துப் படிக்கவில்லை. ஒரு விரலால் அதைத் தொட்டு, தாம்பாளத்தைத் தன் பக்கமாக மெதுவாக இழுத்துக்கொண்டார். அவ்வளவுதான். விண்ணரசியின் கண் அந்த விரலிலேயே நின்றது.

"உட்காருங்க. உட்காரும்மா. படிப்பெல்லாம் நல்லா முடிச்சிருக்கன்னு கேள்விப்பட்டேன். நாளைக்கே சேந்துடலாமா?"

அவள் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். "வேற எங்கெல்லாம் எழுதிப் போட்டிருக்க?"

"சில எடத்துக்கு எழுதியிருக்கேன் ஐயா."

"பதில் வந்துச்சா?"

விடுதியின் இருட்டு ஒரு கணம் அவள் கண் முன்னால் வந்தது. ஆமாம் என்று சொல்லலாம். அரியலூரில் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை. வாய் திறந்தது. பொய் வரவில்லை. பக்தியினால் அல்ல, அந்தப் பொய்யைக் கேட்டால் இந்த மனிதருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று தோன்றியதால். எந்த ஊர், யார் மேனேஜர் என்று அவர் நிதானமாக, ஒவ்வொன்றாகக் கேட்பார்.

"பதிலைப் பத்தி..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"எங்கயும் வரலைங்க ஐயா!" என்றார் அப்பா. முகமெல்லாம் நன்றி. "நாலா பக்கமும் எழுதிப் பாத்துட்டோம். ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. ஐயாவாப் பாத்து ஆள் வுட்டீங்க. ஆண்டவரே சொல்லி அனுப்புன மாதிரி."

"அப்படியா" என்றார் மேனேஜர்.

அறையில் ஒரு ஈ பழத்தின் மேல் உட்கார்ந்தது. அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. தன் வீட்டுச் சுவரை அப்பாவே இடித்து, உள்ளே வாருங்கள் என்று கைகாட்டியதுபோல இருந்தது. இடிந்த இடத்தின் வழியாக அந்த மனிதர் நிதானமாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொய் பேசாத மனுஷன் உபதேசியாரு. சரி, நீ சொல்லும்மா. எவ்வளவு எதிர்பாக்குற?"

முதலில் நீயாகச் சொல்லாதே. ஆனால் மறைக்க இனி என்ன இருக்கிறது? அவள் நிமிர்ந்தாள்.

"நான் டிரெயினிங் முடிச்சவ ஐயா. என்னை வச்சு ஸ்கூலுக்குக் கிராண்ட் கூடுதலா வரும். கையெழுத்துக்கு எவ்வளவோ, அது உங்க கணக்கு. எனக்குப் பஞ்சப்படியோட சேத்து, கைக்கு முப்பது வேணும்."

"பாப்பா!" என்றார் அப்பா. தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "மன்னிச்சிடுங்க ஐயா, அது சின்னப் புள்ள. நீங்க இருபது குடுத்தாலும்..."

"அட, பேசட்டும் விடுங்க. வாயுள்ள புள்ள பொழைக்கும்." மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். அவளையே பார்த்தார். பிறகு சிரித்தார். "முப்பதுதானே? குடுத்துடுவோம். கைக்கே முப்பது."

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விண்ணரசிக்குப் பிடி தவறியதுபோல இருந்தது. ஒரு மூட்டையைத் தூக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து, அது பஞ்சுபோல மேலே வந்துவிட்டால் தடுமாறி விழுவோமே, அப்படி. அவர் பேரம் பேசவில்லை. கடலை வியாபாரி, ஒரு படிக்கு ஒரு கை குறைத்து அளந்தே மில் வைத்தவர் என்று பஸ்ஸில்கூட ஒருவர் சொன்னார். அவர் தன்னிடம் பேரம் பேசவில்லை. அவள் சந்தோஷப்பட முயன்றாள். முகம்கூட அதற்குத் தயாராகிவிட்டது. உள்ளே மட்டும் ஏதோ ஒன்று வாசலைத் தாண்ட மறுத்தது.

"டீச்சர்!" என்று அவர் உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

மோர் டம்ளர்களுடன் ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். வேலைக்காரி என்றுதான் விண்ணரசி நினைத்தாள்.

"இவங்க சம்பூர்ணம் டீச்சர். ரொம்ப வருஷமா நம்மகிட்டதான். ஏன் டீச்சர், போகணும்னு ஒரு நாளாவது தோணியிருக்கா?"

"இல்லீங்க" என்றாள் சம்பூர்ணம். சொல்லும்போது அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் இருந்த இரும்புப் பெட்டியைப் பார்த்துச் சொன்னாள்.

"ஸ்கூலக் காட்டி அழைச்சிட்டு வாங்க. அதுக்குள்ள நான் ஆர்டர் எழுதி வைக்கிறேன். அப்ப நாளைக்கே சேந்துடுறியாம்மா?"

இரண்டாவது தடவை. அவள் அதைக் கவனித்தாள். அப்போது அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை. கவனித்தது மட்டும் மனதில் தங்கியது.

*

பள்ளிக்கூடம் குரும்பலூர் போகிற ரோட்டில், மில்லிலிருந்து கூப்பிடு தூரம். நீளமான ஓட்டுக் கட்டடம். சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள், ஈரம் காயவில்லை. அதற்காக அன்று லீவு. பிள்ளைகள் இல்லாத வகுப்புகளில் பெஞ்சுகளை எல்லாம் கழுவிக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள்.

"நல்ல ஸ்கூல்" என்றாள் விண்ணரசி, எதையாவது சொல்லவேண்டும் என்பதற்காக.

"ம்."

"உங்களுக்கு எவ்வளவு அக்கா சம்பளம்?"

சம்பூர்ணம் சிரித்தாள். "நீ எவ்வளவு கேட்ட?"

"முப்பது."

"குடுக்கிறேன்னாரா?"

"உடனே குடுக்கிறேன்னுட்டார்."

சம்பூர்ணம் நின்றாள். கிணற்றடியில் இருந்த வாளியை எடுத்துக் காலைக் கழுவிக்கொண்டாள். அழுக்கே இல்லாத காலை. குனிந்தபடியே கேட்டாள்.

"சர்டிபிகேட்டு எங்க?"

"அப்பா தாம்பாளத்துல வச்சுக் குடுத்துட்டார்."

"அவரு கேக்கறதுக்கு முன்னாடியேவா?" வாளி கீழே இறங்கியது. "எங்கிட்ட ஆபீசுக்கு அனுப்பணும்னு சொல்லி வாங்கினாரு. நீங்களாவே பழத்தோட கொண்டாந்து வச்சிருக்கீங்க."

விண்ணரசி திரும்பி மில் இருந்த பக்கம் பார்த்தாள்.

"நீ நாப்பது கேட்டிருந்தாலும் சரின்னுருப்பாரு. சொல்றதுக்கு என்ன காசா பணமா. மொத ரெண்டு மாசம் சொன்னபடி கைக்கு வரும். அப்புறம் கட்டட நிதிம்பாரு, மேஜை ஒடஞ்சிடுச்சும்பாரு. எனக்கு இப்ப பதினாலு வருது. மோர் கொண்டாந்து குடுக்கிறதும் அந்தப் பதினாலுக்குள்ளதான்."

"வேற ஸ்கூலுக்குப் போயிடலாமே அக்கா."

"எதைக் காட்டி?"

அந்தக் கேள்வியை அவள் கத்தவில்லை. பலமுறை தனக்குத்தானே கேட்டு முனை மழுங்கிப்போன கேள்வி அது.

"நகல் வாங்க முடியாதா?"

"எழுதுனேன். மேனேஜர் மூலமா எழுதுன்னு பதில் வந்துச்சு. அந்தப் பதிலும் அவரு கைக்குத்தான் மொதல்ல போச்சு. ஒண்ணும் திட்டலை. 'எம்மேல நம்பிக்கையில்லையா டீச்சர்'னாரு. மறு மாசம் ரெண்டு ரூவா கொறஞ்சுது." சம்பூர்ணம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "உனக்கு முன்னாடி செங்கமலம்னு ஒருத்தி. போறேன்னு சொல்லிட்டுப் போயே போயிட்டா. இப்ப அரியலூர்ல ஒரு மண்டியில ஒக்காந்து கடலை பொறுக்குறாளாம். படிச்ச படிப்பு இந்த ஊரு இரும்புப் பொட்டியில இருக்கு, அவ அங்க இருக்கா."

பெட்டியின் ஒருக்களித்த கதவு விண்ணரசியின் கண்ணுக்கு முன் வந்தது. உள்ளே என்ன இருந்தது என்று பார்த்தோமா? சிவப்பு நாடா கட்டிய ஒரு சின்னக் கட்டு. சொத்துப் பத்திரம் ஏதோ என்று நினைத்தோம்.

இப்போது அந்த முப்பது ரூபாய் என்னவென்று புரிந்தது. வேறு இடம் இல்லாதவள் என்று அப்பா சொன்னதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்று இல்லாதது நாளை வரலாம். இனி எந்த நாளும் வராதபடி செய்துகொள்வதுதான் அவர் வியாபாரம். அதற்கு எந்தத் தொகையும் அதிகமில்லை; எந்தத் தொகையும் அவர் கொடுக்கப்போவதுமில்லை.

ஓடிவிடலாமா என்று நினைத்தாள். ஓடினாலும் சர்டிபிகேட் அங்கே, மேஜைமேல், பழத்தின் மேல் இருக்கிறது. இந்நேரம் உள்ளே போயிருக்கலாம். அம்மா பானை வழிக்கும் சத்தம் காதுக்குள் கேட்டது. வேலை வேண்டும். அதில் ஒன்றும் மாறவில்லை.

திரும்பும்போது ஈரச் சுண்ணாம்பு அவள் முந்தானையில் ஒட்டியது. தட்டிவிட்டாள். தட்டிய கை அப்படியே நின்றது.

"அக்கா, எதுக்கு இப்ப சுண்ணாம்பு அடிக்கிறாங்க?"

"அடுத்த வாரம் இன்ஸ்பெக்டிரஸ் வர்றாங்க."

"செங்கமலம் போன எடத்துல டிரெயினிங் முடிச்சவங்க யாராவது...?"

"யாரும் இல்ல. இந்த ஊரு பேரக் கேட்டாலே வர மாட்டேங்கறாங்க." சம்பூர்ணம் அவளைக் கூர்ந்து பார்த்தாள். குரல் தாழ்ந்தது. "மேல் வகுப்புக்கு ஆள் இல்லேன்னு எழுதிட்டாங்கன்னா கிராண்டே நின்னுடும்னு கணக்கப்பிள்ளைகிட்டப் பொலம்பிக்கிட்டு இருந்தாரு. நான் சொன்னேன்னு சொல்லிடாத தாயி."

நாளைக்கே. இரண்டு தடவை நாளைக்கே.

வேறு வழி இல்லாதது தனக்கு மட்டுமல்ல, அவருக்கும்தான். அந்த நினைப்பு அவளுக்குத் தைரியம் தரவில்லை. காட்டில் இருட்டில் நிற்கும்போது எதிரில் நிற்பதும் பசியோடுதான் நிற்கிறது என்று தெரிவதில் என்ன தைரியம் இருக்கிறது? ஆனாலும் எங்கே நிற்கிறது என்று தெரிந்தது.

*

தாம்பாளம் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் சர்டிபிகேட் பழத்தின் மேல் இல்லை. மேனேஜரின் முழங்கைக்கு அடியில் இருந்தது. அப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா. ஆர்டர் ரெடி. முப்பதுன்னே எழுதியிருக்கேன், பாத்துக்க."

அவள் ஆர்டரை வாங்கினாள். படித்தாள். முப்பது என்றுதான் எழுதியிருந்தது. மேஜையில் வைத்தாள்.

"ஐயா, முப்பது வேணாம்."

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

"இருபத்தஞ்சு குடுங்க. சர்டிபிகேட் என்கிட்ட இருக்கட்டும். இன்ஸ்பெக்டிரஸ் அம்மா வர்ற அன்னைக்கு நானே கொண்டாந்து காட்டுறேன். நம்பர் வேணும்னா இப்பவே எழுதிக்கிடுங்க."

முதன்முறையாக அவர் சம்பூர்ணம் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை போய் வந்த நேரத்தில் சம்பூர்ணத்தின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்துவிட்டது. அவள் காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"டீச்சருங்க சர்டிபிகேட்டெல்லாம் நம்மகிட்ட பத்திரமா இருக்கும்மா. தீயில வேகாது, கரையான் அரிக்காது."

"தெரியும் ஐயா."

"அப்புறம் என்ன? எம்மேல நம்பிக்கையில்லையா?"

இதே வார்த்தைகள். சற்று முன்பு கிணற்றடியில் கேட்ட அதே வார்த்தைகள், அதே வரிசையில்.

"பாப்பா, மன்னிப்புக் கேளு" என்றார் அப்பா. "ஐயா, குடுத்ததத் திருப்பிக் கேக்குற வழக்கம் எங்க வூட்டுல இல்லீங்க. ஐயாவே வச்சிக்கிடுங்க. நாங்க வச்சுக் குடுத்தது வச்சுக் குடுத்ததுதான்."

"கேட்டியாம்மா? பெத்தவரு சொல்றாரு."

விண்ணரசி தாம்பாளத்தைப் பார்த்தாள்.

"குடுத்த தாம்பாளத்த வெறுமையா அனுப்புற வழக்கம் உங்க வூட்டுலயும் இருக்காது ஐயா. பழம், கற்கண்டு எல்லாம் நீங்க எடுத்துக்கிடுங்க. அது உங்களுக்குக் கொண்டாந்தது. மறு சீரா அந்தக் காயிதத்த வச்சுக் குடுங்க."

அவர் சிரிக்கவில்லை. "இருபது" என்றார்.

இனி பேசக்கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. பேசினால் குரல் நடுங்கும். நடுங்குவதை அவர் அளந்துகொள்வார். கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அப்பா இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். வெளியே யாரோ சுண்ணாம்பு வாளியை இழுத்துக்கொண்டு போகும் சத்தம். அந்தச் சத்தம் கேட்டபோது மேனேஜரின் கண் ஒரு நொடி ஜன்னலுக்குப் போய் வந்தது. அவள் அதைப் பார்த்தாள். தான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"இருபத்திரண்டு. நாளைக்குக் காலையில மணியடிக்கிறப்ப ஸ்கூல்ல நிக்கணும்."

"கைக்கு."

"கைக்குத்தாம்மா."

"ஆர்டர்ல எழுதிக் குடுங்க."

அவர் பழைய ஆர்டரைக் கிழித்தார். அவசரமில்லாமல், நான்காக, எட்டாக. புதிதாக ஒன்று எழுதினார். பிறகு பழம், கற்கண்டு, வெற்றிலை பாக்கு எல்லாவற்றையும் எடுத்துத் தனியே வைத்தார். முழங்கையை எடுத்தார். சர்டிபிகேட்டைத் தாம்பாளத்தில் வைத்து, அதன்மேல் ஒரே ஒரு கொட்டைப்பாக்கை வைத்து, நகர்த்தினார். அவளை நோக்கி அல்ல. அப்பாவை நோக்கி.

அப்பாவின் கை நீண்டது. அதற்கு முன் அவள் எடுத்துவிட்டாள். பாக்கு உருண்டு மேஜைக்கு அடியில் போயிற்று. ஒருவரும் குனிந்து எடுக்கவில்லை.

"வச்சிக்கம்மா" என்றார் மேனேஜர். பிரியமாகத்தான் சொன்னார். "நல்லா வச்சிக்க. இந்தத் தாலுக்காவுல எந்த மேனேஜர்கிட்டப் போயிக் காட்டுனாலும், வாங்கிப் பாத்துட்டு எனக்குத்தான் ஒரு காயிதம் போடுவாரு, புள்ள எப்படின்னு. அதுக்கு நான்தானே பதில் எழுதணும்?"

*

பஸ் ஸ்டாண்டில் அப்பா வெறும் தாம்பாளத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். பஸ் வந்தபோதுதான் சொன்னார்.

"முப்பது ரூவா எழுதிக் கையில குடுத்தாரு. எட்டு ரூவாயத் தூக்கி எறிஞ்சிட்ட. உங்கம்மாகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

அவள் சம்பூர்ணம் சொன்னதையெல்லாம் சொன்னாள். அவர் தலையசைத்துக் கேட்டார். கேட்டுவிட்டு, "யாரோ ஒருத்தி பேச்சக் கேட்டுக்கிட்டு" என்றார். பெரிய மனிதர் ஒருவர் எழுந்து நின்று தம்மை வரவேற்றதை அவர் கண்ணால் பார்த்திருந்தார். மற்றதெல்லாம் யாரோ சொல்லிக் கேட்டது.

அப்பாவைப் பஸ் ஏற்றிவிட்டு, விண்ணரசி அன்றே சம்பூர்ணத்தின் வாடகை அறையில் பாதியை எடுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் படுத்தால் சுவர் இடிக்கும் அறை. அன்று விளக்கேற்றியவுடன் சம்பூர்ணம் கேட்டாள்.

"ஒரு தடவ காட்டுறியா?"

வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். முத்திரையின் மேல் விரலை வைத்துச் சுற்றினாள். "ஓரத்துல இந்தக் கோடு உண்டா? என்னோடதுல கோடு இல்லன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்." திருப்பிக் கொடுக்கும்போது கேட்டாள், வெறுமனே கேட்பதுபோல. "எங்க வைக்கப் போற?"

விண்ணரசி அதை மடித்துக் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். தன்னைக் காப்பாற்றியவள் இவள். பதினாலு ரூபாய்க்கு மோர் கொண்டுவந்து கொடுப்பவளும் இவள்தான். இரண்டையும் ஒரே முகத்தில் பார்க்க முடிந்தது. அதற்காக அவள் தன்னை வெறுத்தாள்.

இன்ஸ்பெக்டிரஸ் வந்தார், பார்த்தார், கையெழுத்துப் போட்டுப் போனார். மாதக் கடைசியில் இருபத்திரண்டு ரூபாய் கைக்கு வந்தது. குறையவில்லை. மேனேஜர் வழியில் பார்த்தால் சிரிப்பார். நாளைக்கே என்ற சொல் இப்போது அவரிடம் இல்லை. மோர் கொண்டுவரச் சொல்லி அவளைக் கூப்பிடவும் இல்லை. அவர் காத்திருப்பதுபோல இருந்தது. பகலெல்லாம் பிள்ளைகளுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டே, எதற்காகக் காத்திருக்கிறார் என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அப்பா வந்தார். வெளுத்த சட்டை போட்டிருந்தார். முகம் தெளிவாக இருந்தது. மகளைக் கண்டதும் அவருக்குக் கண் கலங்கியது.

"இளைச்சிட்டியே பாப்பா."

"இல்லப்பா. எப்ப வந்தீங்க? சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. மேனேஜர் வூட்டுலயே சாப்பிட்டாச்சு. ஆள் வுட்டு வரச்சொல்லியிருந்தாரு. என்னா மனுஷன்! எலை போட்டு, பக்கத்துலயே நின்னு பரிமாறச் சொன்னாரு."

அவள் உட்கார்ந்தாள்.

"பழசெல்லாம் மனசுல வச்சிக்கிடல பாப்பா அவரு. இந்த மாசத்துலேர்ந்து முப்பதே போட்டுடுறேங்கறாரு. உந்தம்பியையும் மில்லுல கணக்குல சேத்துக்கிறேன்னாரு. நாமதான் ஒரு மரியாதைக்கு..."

முடிக்காமல் பையைத் திறந்தார். வெள்ளைத் துண்டில் சுற்றிய தாம்பாளத்தை எடுத்து வெளியே வைத்தார். புளி போட்டுத் துலக்கியிருந்தது. அம்மாதான் துலக்கியிருக்கவேண்டும், ஓரமெல்லாம் பளிச்சென்று, முகம் தெரிகிற மாதிரி. அதில் இன்னும் ஒன்றும் வைக்கவில்லை.

அப்பாவின் கண் மூலையில் இருந்த தகரப் பெட்டிக்குப் போயிற்று. தயங்கி, அவளிடம் திரும்பியது.

"எங்க வச்சிருக்க பாப்பா, அந்தச் சர்டிபிகேட்ட?"

அடுப்படியில் சம்பூர்ணத்தின் கை நின்றது. திரும்பவில்லை, நின்றது மட்டும் தெரிந்தது.

வேறு இடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள் என்ற அந்த ஒரு பொய்யை அந்நிய மனிதர் முன்னால் சொல்ல முடியாமல் போனவள், தன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனவரின் கண்ணைப் பார்த்தாள்.

"இங்க இல்லப்பா" என்றாள். "திருச்சி டிரெயினிங் ஸ்கூல் மதர்கிட்டக் குடுத்து வச்சிருக்கேன்."

அவர் நம்பினார். அவர் எதையும் நம்புவார். "சரி, அதனாலென்ன, எழுதிப்போட்டு வாங்கிடலாம். நானே போயிக் கேட்டு வாங்கியாரேன்" என்று சொல்லி, தாம்பாளத்தை எடுக்காமல், அவள் பக்கமாகவே சற்று நகர்த்தி வைத்தார்.

ரவிக்கைக்குள், விலாவோடு ஒட்டி நான்காக மடித்து வைத்திருந்த காகிதம் மூச்சு விட்டால் சரசரக்கும். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.